முதல் எழுத்தை எடுத்தாலும் சொல்லாக நிற்கும் சொற்கள்: தருமபுரிப் பிள்ளைகளின் போட்டிக்கு உதவி தேவை

தருமபுரி_வாசகி

எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக விடுமுறை நாள் மாலைகளில் நூலகத்தில் சொல் விளையாட்டு நடத்துகிறேன். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பவர்கள் வருகிறார்கள். அடுத்த சுற்றுக்கு ஒரு விளையாட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு சொல்லின் முதல் எழுத்தை நீக்க வேண்டும். மிச்சமும் பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'பீட்' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்தால் 'ஈட்' என்று ஆகுமே, அது போல.

தமிழில் நான் சேர்த்தவை: கவலை – வலை, குதிரை – திரை, நகரம் – கரம், முதலை – தலை. பிள்ளைகளிடம் முன்னோட்டமாகக் கேட்டபோது அவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள்: மணி – அணி, புளி – உளி, காடு – ஆடு. இவற்றில் எழுத்து போகவில்லை, எழுத்தின் தொடக்க ஒலி மட்டும் போயிருக்கிறது. இதையும் ஏற்பதா? ஏற்றால் போட்டி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் போலிருக்கிறது. விதியை எப்படி வகுப்பது என்று சொல்லுங்கள். சொற்களும் தாருங்கள்.

காரிமங்கலம்_அன்பு

இது புதிய விளையாட்டே இல்லை அம்மா. நன்னூலில் இருக்கிறது. முதற்குறை என்று பெயர். தாமரையை 'மரை' என்று புலவர்கள் எழுதுவார்கள். அந்தப் பகுதியைப் புரட்டினால் உங்களுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் கிடைத்துவிடும்.

பாலக்கோடு_சுமதி

எனக்கு இதே பிரச்சினைதான். என் பெயர் சுமதி. ரேஷன் அட்டையில் முதல் எழுத்து விடுபட்டு 'மதி' என்று அச்சாகியிருக்கிறது. ஆதாரில் சரியாக இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்று ஒவ்வோர் இடத்திலும் திருப்பி அனுப்புகிறார்கள். முதல் எழுத்து போனாலும் அதுவும் ஒரு பெயராகவே இருப்பதால், இது அச்சுப் பிழை என்று யாரும் நம்ப மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பென்னாகரம்_தமிழாசிரியர்

முதலில் சுமதி அம்மாவுக்கு: ஆதார் நகலை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு சொன்னது பாதி சரி. முதற்குறை என்ற பெயரும் தாமரை – மரை என்ற எடுத்துக்காட்டும் இலக்கணத்தில் உள்ளவைதான். ஆனால் முதற்குறையில் சொல் குறைந்தாலும் பொருள் மாறாது. செய்யுளில் 'மரையிதழ்' என்று வந்தால் அது தாமரை இதழ்தான். ஓசைக்காகத் தலை குறைக்கப்பட்ட அதே சொல் அது. வாசகி கேட்பது வேறு. தலை போன பிறகு அது வேறொரு பொருளில் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

'மரை' அப்படியும் நிற்கிறது, ஏனென்றால் மரை என்பது ஒரு மானின் பெயர். ஆகவே தாமரை – மரை உங்கள் பட்டியலில் சேரும். நன்னூல் முதற்குறைக்குக் காட்டும் காரணத்தால் அன்று, மானின் பெயரால் சேரும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் போகும்போது குழம்ப மாட்டார்கள்.

நீங்கள் கேட்ட விளையாட்டுக்குப் பக்கத்தில் வருவது செய்யுள் இலக்கணத்தின் வேறொரு பகுதி. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் சித்திரகவி வகைகள் சிலவற்றைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று எழுத்து வருத்தனம். ஒரு சொல்லின் முன்னால் ஓர் எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள்; ஒவ்வொரு படியிலும் புதிய சொல் பிறக்கும். அங்கே வரும் தொடர் இது: கம், நகம், கநகம், கோகநகம். கம் என்றால் தலை, நகம் என்றால் மலை, கநகம் பொன், கோகநகம் தாமரை. இதையே பின்னாலிருந்து ஏறிவாருங்கள். கோகநகத்தின் முதல் எழுத்தை எடுத்தால் கநகம். அதன் முதல் எழுத்தை எடுத்தால் நகம். அதன் முதல் எழுத்தும் போனால் கம். உங்கள் விளையாட்டு அங்கே முழுமையாக இருக்கிறது.

ஓசூர்_லேத்

மரை என்றவுடன் எனக்கு வேறு பொருள் நினைவுக்கு வந்தது ஐயா. எங்கள் பட்டறையில் போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டும் வரிக்குப் பெயர் மரை. மரை தேய்ந்த போல்ட் என்றுதான் சொல்வோம். மானைத் தெரியாத பிள்ளைக்கும் இந்த மரை தெரிந்திருக்கும்.

தளி_கல்லூரி

ஒரு மறுப்பு இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் போவது 'பீ' அன்று, 'ப்' மட்டும்தான். ஈ என்ற ஒலி அப்படியே நிற்கிறது. அதைத் தமிழில் அப்படியே செய்து பாருங்கள்: பீடு – ஈடு. இரண்டும் தமிழ்ச் சொற்கள். பிள்ளைகள் மணி – அணி என்று சொன்னதும் இதேதான். ஆகவே அவர்கள் சொன்னதே மூல விளையாட்டுக்குச் சரியான இணை. வாசகி அக்கா உயிர்மெய் முழுவதையும் எடுக்கிறார். ஆங்கிலக் கணக்கில் பார்த்தால் அது இரண்டு எழுத்தை எடுப்பதற்குச் சமம்.

பென்னாகரம்_தமிழாசிரியர்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மெய்யும் உயிரும் தனித்தனி எழுத்துகள். நமக்கு உயிர்மெய் ஓர் எழுத்து. எனவே 'முதல் எழுத்தை எடு' என்று சொன்னால் தமிழ்ப் பிள்ளையின் கை உயிர்மெய் முழுவதின் மேல்தான் விழும். 'முதல் ஒலியை எடு' என்றால் மெய் மட்டும் போகும். இரண்டும் வேறு வேறு விளையாட்டுகள். பெயரைப் பிரித்து வைத்துக்கொண்டால் சண்டைக்கு இடமில்லை. நான் எழுத்து நீக்கம், மெய் நீக்கம் என்று சொல்கிறேன்.

மெய் நீக்கம் ஏன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது என்று பாருங்கள். மெய்யை எடுத்தால் மிஞ்சுவது உயிர். தமிழ்ச் சொல் எந்த உயிரிலும் தொடங்கலாம். ஆகவே தடை எதுவும் இல்லை. கலை, தலை, மலை, வலை என நான்கு சொற்களும் அலையில் வந்து சேர்கின்றன. சிலை, நிலை, விலை மூன்றும் இலையில் சேர்கின்றன. இப்படிக் கிடைக்கும் இணைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: முதல் எழுத்தின் அளவு மாறவில்லை, இரண்டாம் எழுத்து மாறவில்லை. அதாவது மெய் நீக்கத்தில் வரும் ஒவ்வோர் இணையும் எதுகைதான். வேறு மாதிரி வர வழியே இல்லை. எதுகை கட்டத் தெரிந்த பிள்ளை இந்தப் போட்டியைத் தூங்கிக்கொண்டே வெல்லும்.

எழுத்து நீக்கத்தில் அப்படி இல்லை. அங்கே மொழிமுதல் விதி காவல் நிற்கிறது. மிச்சத்தின் முதல் எழுத்தாக வரப்போவது பழைய சொல்லின் இரண்டாம் எழுத்து. அது புள்ளி வைத்த மெய்யாக இருந்தால் சொல் அங்கேயே விழுந்துவிடும். மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளாக இருந்தாலும் அப்படியே. தேறுவதெல்லாம் க, ச, த, ந, ப, ம, வ வரிசைகள்தான். ய, ஞ அரிதாக உதவும். எனவே சொல்லைப் பார்த்ததும் தலையைப் பார்க்காதீர்கள், இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் அங்கேயே கழிந்துவிடும்.

சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் இரண்டு விளையாட்டும் ஒன்றாகிவிடும். ஆகாரம் – காரம், அபயம் – பயம்: இவற்றில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகவே போகின்றன.

அரூர்_விவசாயி

ஐயா சொன்ன இரண்டாம் எழுத்துச் சோதனையை உழவர் சந்தைக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் விளைகிற, விற்கிற பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தக்காளி, கத்தரி, வெண்டை, பீர்க்கன், கொள்ளு, கம்பு எல்லாவற்றுக்கும் இரண்டாம் இடத்தில் புள்ளி, கழித்துவிட்டேன். கேழ்வரகும் அப்படியே. வாழை, சுரை, கீரை, சோளம், தினை, உளுந்து, முருங்கை, புளி ஆகியவற்றில் இரண்டாம் எழுத்து ழ, ர, ள, ன வரிசைகளில் வருகிறது; அவையும் போயின. பூசணியில் இரண்டாம் எழுத்து சரிதான், ஆனால் 'சணி' என்று ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை. கூடையில் மிஞ்சியவை இவை:

அகத்தி – கத்தி
மாதுளை – துளை
அவரை – வரை
துவரை – வரை
பாகல் – கல்
சாமை – மை

அகத்திக்குள் கத்தி இருப்பதை இத்தனை நாளும் கவனிக்கவில்லை. கீரை ஆய்கிறபோது என் மனைவியிடம் சொன்னேன். அவர் உடனே 'சமையல் – மையல்' என்றார். அது என்னுடைய ஆறையும்விட நன்றாக இருக்கிறது.

தருமபுரி_வாசகி

அரூர் அண்ணா, இது அருமை. அக்காவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சந்தைக்கே அழைத்துப்போய் நடத்தலாம் போலிருக்கிறது.

சாமை – மை பற்றி ஒரு கேள்வி. மிச்சம் ஓர் எழுத்தாக இருந்தால் சொல்லாக ஏற்கலாமா?

பென்னாகரம்_தமிழாசிரியர்

ஏற்கலாம், ஏற்க வேண்டும். ஓரெழுத்து ஒருமொழிகள் நாற்பத்திரண்டு என்று நன்னூல் சொல்கிறது. கை, தை, மை, பூ, தீ, நா, கோ, வை எல்லாம் அதில் அடங்கும். ஆனால் மதிப்பெண்ணைக் குறைத்து வையுங்கள். காரணம், கையும் மையும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பகை, நகை, புகை, வாகை, ஈகை, சிகை என்று எதை எடுத்தாலும் கை. ஆமை, இமை, சுமை, ஊமை, சீமை என்று எதை எடுத்தாலும் மை. பிள்ளைகள் இந்த இரண்டு கிணறுகளில் மட்டும் இறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஓரெழுத்துச் சொல்லுக்கு உண்மையான பயன் தொடரில்தான். தொடரை முடித்து வைக்க அது உதவும்:

கவிதை – விதை – தை
உவகை – வகை – கை

ஒவ்வொரு படியிலும் பொருள் முற்றிலும் வேறாகிறது பாருங்கள். இத்தகைய தொடருக்குத்தான் நிறைய மதிப்பெண் தர வேண்டும்.

தளி_கல்லூரி

என் பங்குக்கு ஒரு தொடர்: முகவரி – கவரி – வரி. கவரி என்பது கவரிமாவின் கவரி.

எங்கள் வீட்டில் கன்னடம் பேசுவோம். கன்னடத்தில் ர, ல, ட வரிசைகளில் எல்லாம் சொல் தொடங்கும் என்பதால் இந்தக் காவல் அங்கே இவ்வளவு கடுமையாக இல்லை. என் தம்பி தமிழ்ச் சொல்லுக்கும் அந்தப் பழக்கத்திலேயே விடை சொல்கிறான். எங்கள் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் போட்டிக்கு வந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள் அக்கா. அவர்கள் தவறாகச் சொல்லவில்லை, வேறு மொழியின் விதியில் சொல்கிறார்கள்.

பாலக்கோடு_சுமதி

தகவலுக்கு நன்றி ஐயா, நாளை போகிறேன். என் பெயரும் இந்த விளையாட்டில் சேருமா? சுமதி – மதி. மதி என்றால் நிலவு, அறிவு.

பென்னாகரம்_தமிழாசிரியர்

சேரும் அம்மா, ஆனால் எளிய வகையில் சேரும். சுமதி என்பதே சு, மதி என்று இரண்டு பகுதிகள் கூடி நிற்கும் சொல். நல்ல மதி என்று பொருள். வெட்டு சரியாகத் தையலின் மேல் விழுகிறது. அநீதி – நீதி, அசுத்தம் – சுத்தம், மாமரம் – மரம் எல்லாம் இந்த வகைதான். முன்பகுதியைக் கழற்றுகிறோம், அவ்வளவுதான்.

முகவரியும் இரண்டு சொற்கள் கூடியதுதான், முகமும் வரியும். ஆனால் அங்கே தையல் 'முக' என்பதற்குப் பிறகு இருக்கிறது. நம் வெட்டு 'மு' என்பதற்குப் பிறகு, தையலைக் கிழித்துக்கொண்டு விழுகிறது. அப்படியும் கவரி என்று ஒரு முழுச்சொல் எழுந்து நிற்பதுதான் அதன் அழகு. தையலில் விழும் வெட்டுக்குப் பாதி மதிப்பெண் என்று வைத்துக்கொள்ளலாம். அபயம் – பயம் கூட அந்தப் பாதி வகையில்தான் வரும். பயமின்மை என்பதே அதன் பொருள்.

காரிமங்கலம்_அன்பு

விகடகவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். 'தேரு வருதே' என்பதும் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

தருமபுரி_வாசகி

அன்பு அண்ணா, அது மாலைமாற்று. அதற்கு வேறொரு நாள் வைத்திருக்கிறேன். விகடகவியின் முதல் எழுத்தை எடுத்தால் 'கடகவி' வருகிறது, நமக்குப் பயன்படாது.

ஓசூர்_கணினி

வணக்கம். இந்த இழையைப் பார்த்துவிட்டு ஒரு சொற்பட்டியல் கோப்பை எடுத்து, பைத்தானில் `w[1:]` என்று முதல் எழுத்தை வெட்டி, மிச்சம் அதே பட்டியலில் இருக்கிறதா என்று தேடினேன். கவிதை – விதை, அவரை – வரை, நகரம் – கரம் வந்தன. குதிரையும் முதலையும் புதையலும் வரவே இல்லை. வெளியே எடுத்து அச்சிட்டுப் பார்த்தால் 'குதிரை' என்பதன் மிச்சம் ஒரு வட்டப் புள்ளிக்குறியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பட்டியலில் அந்தச் சொற்கள் எல்லாம் இருக்கின்றன. ஏன் இப்படி?

கிருஷ்ணகிரி_எழுத்துரு

யூனிகோடில் 'கு' என்பது ஒன்றன்று, இரண்டு குறியீடுகள்: க, அதன் பின் உகரக் குறி. `w[1:]` என்பது க-வை மட்டும் எடுக்கிறது. உகரக் குறி தலையில்லாமல் 'திரை'யின் முன்னால் தொங்குகிறது. அதனால்தான் அந்த வட்டம் தெரிகிறது. கவிதைக்கும் அவரைக்கும் சரியாக வந்ததற்குக் காரணம், அவற்றின் முதல் எழுத்து குறி சேராத 'க', 'அ' என்று ஒற்றைக் குறியீடாக இருப்பதே. ஆகவே உங்கள் முறை அகர வரிசைக்கும் தனி உயிருக்கும் மட்டும் விடை தரும். மற்றவை சத்தமில்லாமல் விடுபடும். கிடைத்த விடைகளில் கு, மு, பு, வி, சா என்று தொடங்கும் சொல் ஒன்றுகூட இல்லையென்றால் இந்தக் கோளாறுதான் என்று கண்டுகொள்ளலாம்.

இரண்டு விளையாட்டுக்கும் சிறு நிரல் தருகிறேன்.

```python
import unicodedata

S = {"ா":"ஆ","ி":"இ","ீ":"ஈ","ு":"உ","ூ":"ஊ","ெ":"எ",
     "ே":"ஏ","ை":"ஐ","ொ":"ஒ","ோ":"ஓ","ௌ":"ஔ"}

def ezhuthu(w):
    w = unicodedata.normalize("NFC", w)
    i = 1
    while i < len(w) and (w[i] in S or w[i] == "்"):
        i += 1
    return w[i:]

def mei(w):
    w = unicodedata.normalize("NFC", w)
    if not "க" <= w[:1] <= "ஹ":
        return None
    if w[1:2] in S:
        return S[w[1]] + w[2:]
    return "அ" + w[1:]
```

`ezhuthu` என்பது முதல் எழுத்தையும் அதைத் தொடரும் குறியையும் சேர்த்து எடுக்கும். `mei` என்பது மெய்யை மட்டும் எடுத்து, குறியைத் தனி உயிராக மாற்றி வைக்கும். மணி கொடுத்தால் அணி வரும், புளி கொடுத்தால் உளி வரும். கிடைத்ததைப் பட்டியலோடு ஒப்பிடுவது நீங்கள் செய்தது போலத்தான்.

`normalize` வரியை எடுத்துவிடாதீர்கள். 'கொ' என்பதைச் சில கோப்புகளில் எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமித்திருப்பார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒப்பிடும்போது மட்டும் பொருந்தாது. அந்த வரி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ஔகாரத்துக்குப் பதிலாக எகரக் குறியும் 'ள' என்ற எழுத்தும் சேர்த்துத் தட்டச்சு செய்த கோப்புகளை இது திருத்தாது. அதைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

ஓசூர்_கணினி

இப்போது கொட்டுகிறது. நன்றி. எனக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்து வைக்கிறேன்: புதையல் – தையல், வைகாசி – காசி, நிதானம் – தானம், சுபாவம் – பாவம், தாமதம் – மதம், சுவாசம் – வாசம், ஆகாயம் – காயம், தவளை – வளை. மெய் நீக்கத்தின் பட்டியல் இதைவிட மிகவும் நீளம். ஐயா சொன்னது போல அதில் பெரும்பகுதி ஒரே வாலுக்குப் பல தலைகள்தான்.

ஆனால் ஒரு சிக்கல். ஆசிரியர் ஐயா சொன்ன கோகநகம் தொடரைக் கொடுத்துப் பார்த்தேன். என் பட்டியலில் 'கோகனகம்', 'கனகம்' என்று றன்னகரத்தில்தான் இருக்கின்றன. கோகனகம் – கனகம் சரியாக வருகிறது. அதற்கு அடுத்த படியில் 'னகம்' வந்து நின்றுவிடுகிறது.

பென்னாகரம்_தமிழாசிரியர்

நிற்கத்தான் செய்யும் தம்பி. இன்று நாம் எழுதுவது கனகம். இரண்டாம் எழுத்து றன்னகரம், அது மொழிமுதலில் வராது. அந்த அணியை அமைத்த புலவருக்குத் தந்நகரம் தேவைப்பட்டது, அதனால் கநகம். பழைய பதிப்புகளில் அப்படி அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். சொல்லின் நடுவே உயிருக்குப் பின் தனித்த தந்நகரம் தமிழில் மிக அரிது. வடசொற்களிலும் கூட்டுச் சொற்களிலும்தான் வரும். எனவே தேறும் எழுத்துகள் என்று நான் சொன்ன ஏழில், ந வரிசை நடைமுறையில் உங்களுக்கு அதிகம் கைகொடுக்காது. க, த, ம, வ ஆகிய நான்கும்தான் சுமையைத் தூக்கும்.

போட்டியில் கநகம் என்ற எழுத்தை ஏற்பீர்களா என்று கேட்டால், பிள்ளை தானே அந்தத் தொடரைச் சொன்னால் நான் ஏற்பேன்.

கிருஷ்ணகிரி_எழுத்துரு

நான் ஏற்க மாட்டேன் ஐயா. இன்றைய எழுத்துமுறையில் எழுதினால் அது கனகம். ஒரு தொடருக்காகப் பழைய எழுத்தைத் திறந்துவிட்டால், அடுத்த பிள்ளை வேறொரு பழைய வடிவத்தோடு வரும். அதை எதைக் காட்டி மறுப்பீர்கள்?

தருமபுரி_வாசகி

எந்த அகராதியை நடுவராக வைப்பது என்பதும் அதோடு சேர்ந்து வருகிறது. நூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் இருக்கிறது, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் இருக்கிறது.

பென்னாகரம்_தமிழாசிரியர்

பிள்ளைகளுக்கு க்ரியா போதும். அது 1992இல் முதலில் வந்தது. இன்றைய எழுத்து வழக்கில் உள்ள சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இலக்கியம், நிகண்டு, வைத்தியம், வட்டார வழக்கு எல்லாவற்றையும் வாரி வைத்திருக்கிறது. அதை நடுவராக வைத்தால் எந்தத் துண்டைப் போட்டாலும் ஏதோ ஒரு பொருள் கிடைத்துவிடும். பிள்ளை தெரிந்து சொன்னதா, குருட்டாம்போக்கில் சொன்னதா என்று உங்களுக்குத் தெரியாது. நான் என் வகுப்பில் வைத்திருந்த வழி வேறு: சொல்லைச் சொல்பவர் மிச்சத்தை வைத்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். வாக்கியம் சொல்லிவிட்டால் அகராதியைத் திறக்க வேண்டாம். சொல்ல முடியாவிட்டால் அகராதியில் இருந்தாலும் பாதிதான்.

ஓசூர்_லேத்

அப்படியானால் மரைக்கு என் வாக்கியம்: 'மரை தேய்ந்துபோனதால் நட்டு இறுகவில்லை.'

அரூர்_விவசாயி

என் மகள் ஏழாம் வகுப்பு. நேற்றிரவு இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். நிவாரணம் – வாரணம் – ரணம். வறட்சி நிவாரணத்துக்குப் பெயர் எழுதிய தாள் வீட்டில் கிடந்தது, அதைப் பார்த்துத்தான் தோன்றியதாம். வாரணம் என்றால் யானை என்று அவளே சொல்கிறாள். மாரண்டஹள்ளிப் பக்கம் யானை இறங்கியதைப் பற்றி வாக்கியமும் வைத்திருக்கிறாள். ரணம் என்றால் புண். இதற்கு எத்தனை மதிப்பெண்?

தருமபுரி_வாசகி

பாப்பாவுக்கு என் வாழ்த்து. இது இந்த இழையிலேயே மிகச் சிறந்த தொடர் என்று நினைக்கிறேன். நிவாரணத்திலிருந்து புண் வரை போகிறது! ஆனால் ர வரிசையில் சொல் தொடங்காது என்று ஐயா சொல்லியிருக்கிறாரே?

பென்னாகரம்_தமிழாசிரியர்

மரபுப்படி எழுதினால் அது இரணம். இராமன், இரத்தம் என்று இகரம் சேர்த்து எழுதுவது போல. அப்போது வாரணத்தோடு தொடர் நின்றுவிடும். நிவாரணம் – வாரணம் என்ற முதல் படிக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். இரண்டாம் படிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கிருஷ்ணகிரி_எழுத்துரு

செய்தித்தாள் ரணம் என்று எழுதுகிறது, ரத்தம் என்று எழுதுகிறது. இன்றைய எழுத்துமுறைதான் அளவுகோல் என்று கநகத்தை மறுத்தேன். அதே அளவுகோலால் ரணத்தை ஏற்கத்தான் வேண்டும். ஐயா கநகத்துக்குப் பழைய எழுத்தை ஏற்கிறார், ரணத்துக்கும் பழைய எழுத்தையே கேட்கிறார். அதுவும் ஒரு நேர்மைதான். இரண்டில் ஒன்றைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.

தளி_கல்லூரி

ரணத்தை ஏற்றால் ரவை, ராகி, லாபம் எல்லாம் உள்ளே வரும். தொடக்கத்துக் காவல் தளர்ந்துவிடும். ஆனாலும் என் ஓட்டு பாப்பாவுக்குத்தான்.

தருமபுரி_வாசகி

இந்தச் சுற்றுக்கு இப்படி வைக்கிறேன். எழுத்து நீக்கம் மட்டும். மெய் நீக்கத்தை எதுகைச் சுற்றாகத் தனியே நடத்துகிறேன். செய்தித்தாளில் பார்க்கக்கூடிய எழுத்துமுறை செல்லும். தையலில் விழும் வெட்டுக்கும் ஓரெழுத்து மிச்சத்துக்கும் பாதி. மிச்சத்துக்கு வாக்கியம் கட்டாயம். தொடரின் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் இரட்டிக்கும். ரணம் செல்லும், கநகம் செல்லாது. ஐயா மன்னிக்க வேண்டும்.

பென்னாகரம்_தமிழாசிரியர்

மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா, நடுவர் நீங்கள். ஆனால் யாராவது ஒரு பிள்ளை கோகநகத்தைச் சொன்னால் அதன் பெயரை எனக்கு எழுதுங்கள்.

பாலக்கோடு_சுமதி

இ-சேவை மையத்தில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். வரிசையில் நின்றபோது தோன்றியது: தகுதி – குதி, பகுதி – குதி, தொகுதி – குதி, மிகுதி – குதி. விண்ணப்பப் படிவத்திலேயே பாதி இருந்தன.

அரூர்_விவசாயி

மகள் கேட்கிறாள்: அபராதத்தில் தொடங்கி எதுவரை போக முடியும்? நான் முதல் படியிலேயே நின்றுவிட்டேன்.